ரீஆர்டர் லெவல், மினிமம், மேக்சிமம்: கணக்கு எங்கே உதைக்கிறது என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

இந்த மூன்று லெவலுக்கும் சூத்திரம் தெரியாமல் யாரும் தவறு செய்வதில்லை. சூத்திரம் மூன்று வரிதான், பி.காம். மாணவருக்கும் தெரியும், ஸ்டோர்ஸில் உட்காருபவருக்கும் தெரியும். அதற்குள் போடும் எண் எங்கிருந்து வந்தது, எந்த அலகில் வந்தது, வந்த விடையை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் கோளாறு வருகிறது. அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தாளிலோ ஷீட்டிலோ என்ன தெரிகிறது என்று பாருங்கள், அந்தப் பகுதிக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் மோனோபிளாக் பம்ப் செய்யும் ஒரு சின்ன யூனிட், வெளியில் வாங்கும் பொருள் 6203 பேரிங். வாரத்துக்குக் குறைந்தபட்சம் 120, சாதாரணமாக 200, அதிகபட்சம் 300 பேரிங் செலவாகிறது. ஆர்டர் போட்டால் வந்து சேர 2 முதல் 4 வாரம், சாதாரணமாக 3 வாரம். ஒரு தடவைக்கு 1,000 பேரிங் வாங்குகிறார்கள்.

```
ரீஆர்டர் லெவல் = அதிகபட்ச நுகர்வு × அதிகபட்ச லீட் டைம்
              = 300 × 4 = 1,200
மினிமம் = ரீஆர்டர் லெவல் − (சாதாரண நுகர்வு × சாதாரண லீட் டைம்)
        = 1,200 − (200 × 3) = 600
மேக்சிமம் = ரீஆர்டர் லெவல் + ஆர்டர் அளவு
            − (குறைந்தபட்ச நுகர்வு × குறைந்தபட்ச லீட் டைம்)
          = 1,200 + 1,000 − (120 × 2) = 1,960
```

இந்த 1,200, 600, 1,960 மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

அறிகுறி: ரீஆர்டர் லெவல் நம்ப முடியாத அளவு பெரிதாக வருகிறது, அல்லது கொஞ்சம் மட்டும் கூடுதலாக வருகிறது

ரொம்பப் பெரிதாக வந்தால் கண்டுபிடிப்பது சுலபம். வார நுகர்வை எடுத்து நாள் கணக்கில் இருக்கும் லீட் டைமோடு பெருக்கியிருப்பீர்கள். 300 × 28 = 8,400. வாரம் 200 செலவாகும் பொருளுக்கு 42 வாரச் சரக்கு இருக்கும்போதே ஆர்டர் போடச் சொல்கிறது ஷீட், பார்த்தவுடன் உறைக்கும்.

கொஞ்சம் மட்டும் கூடுதலாக வருவதுதான் கண்ணில் படாமல் மாதக்கணக்கில் ஓடும். இந்த யூனிட் வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்கிறது, 300ஐ 6ஆல் வகுத்தால் நாளுக்கு 50. சரி. ஆனால் சப்ளையர் சொல்லும் 28 நாள் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்த காலண்டர் நாள். 50 × 28 என்று போட்டால் 1,400 வரும், சரியான விடையை விட 200 அதிகம். 28 காலண்டர் நாளில் வேலை நாள் 24தான், 50 × 24 = 1,200. நாள் கணக்கில் போவதாக இருந்தால் நுகர்வு, லீட் டைம் இரண்டும் வேலை நாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் காலண்டர் நாளாக இருக்க வேண்டும், கலந்தால் ஆறில் ஒரு பங்கு ஏறிவிடும்.

மாதக் கணக்கிலும் இதே கதைதான். மாதம் 1,300 என்று இருப்பதை 4ஆல் வகுத்தால் வாரத்துக்கு 325, ஆனால் ஆண்டுக்கு 52 வாரம், 12 மாதம், அதாவது மாதத்துக்கு 4.33 வாரம். அப்படி வகுத்தால்தான் 300 வரும். பரீட்சைத் தாளில் மாதத்துக்கு 4 வாரம் என்று கொடுத்திருந்தால் அதையே எடுங்கள், அங்கே வாதம் வேண்டாம். கடையிலும் ஸ்டோர்ஸிலும் 4.33தான்.

அறிகுறி: மினிமம் பூஜ்யமாக அல்லது மைனஸில் வருகிறது, அல்லது மேக்சிமம் சரியாக ஆர்டர் அளவாகவே வருகிறது

இவை எந்த இடத்தில் தவறு என்று தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

மினிமம் பூஜ்யம் என்றால் ரீஆர்டர் லெவலையும் சாதாரண எண்களை வைத்தே போட்டுவிட்டீர்கள் என்று பொருள். 200 × 3 = 600, அதிலிருந்து அதே 600 போனால் பூஜ்யம். மினிமம் என்பதே அதிகபட்ச நிலைமைக்கும் சாதாரண நிலைமைக்கும் உள்ள இடைவெளி, இடைவெளியை அழித்துவிட்டால் கையிருப்புப் பாதுகாப்பு எதுவும் மிஞ்சாது.

மைனஸ் வந்தால் கணக்கில் பிழை தேட வேண்டாம், தரவில் தேடுங்கள். அதிகபட்ச நுகர்வு சாதாரண நுகர்வை விடக் குறையாது, லீட் டைமும் அப்படியே, ஆகவே முதல் பெருக்கல் இரண்டாவதை விடக் குறைய வழியே இல்லை. குறைந்திருக்கிறது என்றால் இரண்டும் வெவ்வேறு காலத்துத் தரவு. அதிகபட்சம் போன ஆண்டுப் பட்டியலிலிருந்து, சாதாரணம் இந்த ஆண்டிலிருந்து, நடுவில் உற்பத்தி ஏறிவிட்டது என்கிற மாதிரி இருக்கும்.

மேக்சிமம் துல்லியமாக 1,000 என்று வந்தால் கடைசிக் கழித்தலில் குறைந்தபட்ச எண்களுக்குப் பதில் அதிகபட்ச எண்களைப் போட்டிருக்கிறீர்கள். 1,200 + 1,000 − 1,200. மாணவர்களின் தாளில் அதிகம் வரும் தவறு இது. மேக்சிமம் போடும்போது கேள்வி ஒன்றுதான்: ஆர்டர் போட்ட பிறகு சரக்கு மிக மெதுவாகச் செலவாகி, புதுச் சரக்கும் மிகச் சீக்கிரம் வந்துவிட்டால் ரேக்கில் எவ்வளவு குவியும்? அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டால் எந்த எண் என்று குழப்பம் வராது.

சராசரி இருப்புக்கு இரண்டு விடை வருகிறதே என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். மினிமம் + ஆர்டர் அளவில் பாதி என்றால் 600 + 500 = 1,100. மினிமம், மேக்சிமம் கூட்டிப் பாதி என்றால் 1,280. இரண்டுமே பாடநூல்களில் இருக்கும் முறைதான். முதல் முறை சரக்கு சாதாரண வேகத்தில் தீர்ந்து சாதாரண நேரத்தில் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறது, இரண்டாவது மேல் எல்லையை அசாதாரண நிலைமையிலிருந்து எடுக்கிறது, அதனால்தான் 180 வித்தியாசம். எந்த முறை என்று விடையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அறிகுறி: பட்டியலைப் புதுப்பித்ததும் எல்லா லெவலும் திடீரென்று எகிறிவிட்டது

பெரும்பாலும் ஷீட்டில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
=MAX(C2:C27)*MAX(F2:F13)
```

C நெடுவரிசையில் வாரவாரியாக ஸ்டோர்ஸ் கொடுத்த பேரிங், F-இல் ஒவ்வொரு ஆர்டரும் எடுத்த வாரம். சூத்திரத்தில் குறையில்லை. ஆனால் C-இல் இருப்பது நுகர்வு அல்ல, கொடுப்பு. ஸ்டோர்ஸிலிருந்து வெளியே போன அளவுக்கும் அசெம்பிளியில் உண்மையாகச் செலவான அளவுக்கும் வித்தியாசம் உண்டு.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அசெம்பிளி சூப்பர்வைசர் வந்து, அண்ணே, லீவு முடிஞ்சு வந்ததும் ஓட்டணும், ரெண்டு வாரத்துக்குச் சேர்த்தே குடுத்துடுங்க என்று 600 பேரிங் வாங்கிப் போகிறார். பின் கார்டில் அந்த வாரம் 600, அடுத்த வாரம் 0. உண்மையில் இரண்டு வாரமும் 300, 300தான் செலவு. ஆனால் ஷீட்டுக்கு அது தெரியாது. அதிகபட்சம் 600, குறைந்தபட்சம் 0 என்று எடுத்துக்கொள்ளும். ரீஆர்டர் லெவல் 2,400, மினிமம் 1,800, மேக்சிமம் 3,400. மினிமமே ஒன்பது வாரச் சரக்கு! பேரிங் ஒன்று 100 ரூபாய் என்று வைத்தால், மினிமம் ஏறிய 1,200க்கு மட்டும் 1,20,000 ரூபாய் ரேக்கில் தூங்கும், அதுவும் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணால்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பெரிய எண்ணுக்கு அடுத்த வாரத்தைப் பார்ப்பது. உச்சத்தை ஒட்டியே பள்ளம் இருந்தால் அது முன்கூட்டிக் கொடுத்தது. அந்த இரண்டு வாரத்தையும் சேர்த்துப் பாதியாக்குங்கள், அல்லது இன்னும் நல்லது, கொடுப்பை விட்டுவிட்டு அசெம்பிளி முடிந்த பம்ப் எண்ணிக்கையை ஒரு பம்புக்குப் போகும் பேரிங் எண்ணிக்கையால் பெருக்கி நுகர்வை எடுங்கள். பம்புக்கு 2 பேரிங், வாரம் 100 பம்ப், ஆக 200. பழுதுக்கும் சேதத்துக்கும் போனதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கொடுப்பை வைத்தே கணக்கிட்டால், லைனிலிருந்து ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வந்த பேரிங்கையும் கழிக்க மறக்காதீர்கள், திரும்பி வந்ததைப் புது வரவாக எழுதிவிட்டால் நுகர்வு ஊதிக் காட்டும்.

இதே தரவில் இன்னொரு வகை பூஜ்யமும் ஒளிந்திருக்கும். ஸ்டோர்ஸில் பேரிங்கே இல்லாத வாரம். கொடுக்க எதுவும் இல்லாததால் பின் கார்டில் 0, அதை நுகர்வு 0 என்று எடுத்தால் சாதாரண நுகர்வு இறங்கும். சாதாரண நுகர்வு இறங்கினால் மினிமத்தில் கழிப்பது குறைகிறது. குறைந்தபட்ச நுகர்வும் பூஜ்யமாகிவிடுவதால் மேக்சிமம் 1,960லிருந்து 2,200 ஆகிறது. சரக்கு தீர்ந்துபோனதற்கு ஷீட் கொடுக்கும் பதில், அதிகபட்சக் குவிப்பை உயர்த்துவது! அந்த வாரத்துக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள். MIN, AVERAGE இரண்டும் காலிக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும், 0 இருந்தால் சேர்த்துக்கொள்ளும்.

அறிகுறி: கணக்கெல்லாம் சரி, 1,200இல் ஆர்டர் போட்டோம், ஆனாலும் பேரிங் தீர்ந்துவிட்டது

முதலில் லீட் டைமைப் பாருங்கள். பர்ச்சேஸ் பிரிவைக் கேட்டால் பர்ச்சேஸ் ஆர்டர் தேதியிலிருந்து லாரி கேட்டுக்குள் நுழைந்த தேதி வரை சொல்வார்கள், அவர்களுக்குத் தெரிந்த காலம் அதுதான். ரேக்கில் கையிருப்பு 1,200ஐத் தொட்டதிலிருந்து அடுத்த சரக்கை ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்ற நிலை வரை உள்ளதுதான் நமக்கு வேண்டிய லீட் டைம். ஒரு ஆர்டரைப் பிரித்துப் பாருங்கள்: ஜூன் 3 இண்டென்ட் எழுதியது, ஜூன் 9 கையெழுத்தாகி ஆர்டர் போனது, ஜூன் 26 சரக்கு வந்தது, ஜூன் 30 தரப் பரிசோதனை முடிந்து சரக்கு வரவுச் சீட்டில் ஏறியது. பர்ச்சேஸ் கணக்கில் 17 நாள், இரண்டரை வாரம்கூட இல்லை. ஸ்டோர்ஸ் கணக்கில் 27 நாள், கிட்டத்தட்ட நாலு வாரம். நடுவில் காணாமல் போன பத்து நாளும் உங்கள் கம்பெனிக்குள்ளேயே கழிந்தவை, சப்ளையரை விரட்டி அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது.

லீட் டைம் சரியாகத்தான் எடுத்தோம் என்றால், ஆர்டர் எந்த எண்ணில் போகிறது என்று பாருங்கள். மினிமம் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அங்கே வந்தால்தான் ஆர்டர் என்று நினைக்கும் ஸ்டோர்ஸ்கள் உண்டு. 600இல் ஆர்டர் போட்டால் சாதாரண வேகத்தில் மூன்று வாரத்தில் பூஜ்யம், அதே நாளில் சரக்கு வந்தால் தப்பித்தோம். வாரம் 300 ஓடினால் இரண்டே வாரத்தில் லைன் நின்றுவிடும். மினிமம் ஆர்டர் போடும் இடம் அல்ல. எல்லாம் சாதாரணமாகப் போனால் புதுச் சரக்கு வரும் நேரத்தில் கையிருப்பு எங்கே நிற்குமோ அதுதான் 600. சரக்கு வரும் முன்பே 600க்குக் கீழே போனால் செலவு வேகமாகிவிட்டது அல்லது சப்ளையர் தாமதிக்கிறார், போன் எடுக்க வேண்டிய நேரம் அது.

மூன்றாவது காரணம் சூத்திரத்திலேயே இருக்கும் ஓர் எல்லை. கையிருப்பு 1,200ஐத் தொட்ட கணமே ஆர்டர் போகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் ஒரே சீட்டில் 300 பேரிங் போகும். காலையில் 1,250, ஆர்டர் தேவையில்லை. சாயங்காலம் 950. ஆர்டர் 1,200இல் போகவில்லை, 950இல் போகிறது, 250 அப்போதே போய்விட்டது, அதிகபட்ச வேகத்தில் நாலு வாரம் ஓடினால் அந்த 250தான் குறையும். வாரம் ஒரு தடவை மட்டும் ஸ்டாக் பார்க்கும் இடத்திலும் இதே விளைவுதான். இப்படிப்பட்ட இடத்தில், பார்க்கும் இடைவெளியையும் லீட் டைமோடு சேர்த்து ஐந்து வாரமாகக் கணக்கிடுங்கள், அல்லது சீட்டின் அளவைச் சிறிதாக்கி, ஒவ்வொரு சீட்டு எழுதியதும் இருப்பைப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். இரண்டாவதில் பணம் முடங்காது.

அறிகுறி: ஒரே பொருளுக்கு இரண்டு ஆர்டர் போய்விட்டது, அல்லது இரண்டாவது ஆர்டர் போகவேண்டிய நேரத்தில் போகவில்லை

இரண்டும் எதிரெதிராகத் தெரியும், காரணம் ஒன்று: ரீஆர்டர் லெவலை ரேக்கில் இருக்கும் இருப்போடு மட்டும் ஒப்பிடுவது.

ஆர்டர் போட்ட மறுநாள் கையிருப்பு 1,150. ஷீட் மறுபடியும் ஆர்டர் போடச் சொல்கிறது. அதற்கடுத்த நாளும் சொல்கிறது. சரக்கு வரும்வரை தினமும் சொல்லும், ஏனென்றால் 1,000 பேரிங் வழியில் இருப்பது அதற்குத் தெரியாது. ஷிப்ட் மாறும்போது புதிதாக வந்தவர் இன்னொரு இண்டென்ட் எழுதிவிடுவார். இது தெரிந்து பல இடங்களில் ஒரு விதி போடுகிறார்கள்: முதல் ஆர்டர் வந்து சேரும்வரை அடுத்தது கூடாது. நியாயமாகத் தெரியும் விதி, ஆனால் இதுதான் அடுத்த பள்ளம்.

அதிகபட்ச நிலைமையை ஓட்டிப் பாருங்கள். கையிருப்பு 1,200, ஆர்டர் போட்டாயிற்று, வாரம் 300 செலவு, சரக்கு வர நாலு வாரம். நாலாவது வாரக் கடைசியில் ரேக்கில் 0, அன்று 1,000 வருகிறது. அது 1,200க்குக் கீழே இருப்பதால் அன்றே அடுத்த ஆர்டர் போகிறது, அதுவும் வர நாலு வாரம். அந்த நாலு வாரத்துக்கு 1,200 வேண்டும், இருப்பது 1,000. மூன்று வாரமும் கூட இரண்டு நாளும் ஓடும், பிறகு லைன் நிற்கும், 200 பேரிங் குறை.

இப்போது வழியில் இருப்பதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். முதல் ஆர்டர் போட்டவுடன் கையில் 1,200, வழியில் 1,000, மொத்தம் 2,200. இதிலிருந்து 1,000 செலவானதும், அதாவது மூன்றே கால் வாரம் தாண்டி, மொத்தம் மறுபடி 1,200ஐத் தொடுகிறது. அப்போது முதல் ஆர்டர் இன்னும் வரவில்லை, ஆனாலும் இரண்டாவது ஆர்டர் போகிறது. முதல் சரக்கு நாலாவது வாரக் கடைசியில் வருகிறது. அது தீரும் நேரத்துக்கு இரண்டாவது சரக்கு வந்துவிடுகிறது. அதே 1,200, அதே சப்ளையர், ஒரு பேரிங் குறையவில்லை.

ஷீட்டில் மாற்ற வேண்டியது ஒரே வரி:

```
=IF(B2+C2-D2<=E2,"ஆர்டர் போடு","வேண்டாம்")
```

B2 கையிருப்பு, C2 ஆர்டர் போட்டு இன்னும் வராதது, D2 ஏற்கெனவே ஒரு வேலைக்கென்று ஒதுக்கி இன்னும் கொடுக்காதது, E2 ரீஆர்டர் லெவல். பின் கார்டில் கையிருப்பு மட்டும்தான் இருக்கும் என்பதால் C2-ஐப் பர்ச்சேஸிலிருந்து வாங்க வேண்டும். ரத்தான ஆர்டரும் பாதி வந்து மீதி வராத ஆர்டரும் C2-இல் தங்கிவிட்டால், ஷீட் வராத சரக்கை நம்பிக்கொண்டு ஆர்டரே போடச் சொல்லாது, ஆகவே பழைய ஆர்டர்களைப் பார்த்து மூடுவது இந்த முறையோடு சேர்ந்த வேலை.

ஆர்டர் அளவு ரீஆர்டர் லெவலை விடக் குறைவாக இருக்கும் எந்தப் பொருளுக்கும் இந்தப் பிரச்சினை வரக்கூடும், நம் பேரிங் அப்படித்தான், 1,000க்கு எதிரே 1,200. ஆர்டர் அளவு 3,000 போலப் பெரிதாக இருந்தால் சரக்கு வந்ததும் இருப்பு லெவலுக்கு மேலே போய்விடும், அங்கே பழைய விதியே போதும்.

அறிகுறி: ரேக்கில் 1,960க்கு மேலே சரக்கு நிற்கிறது, ஆனால் யாரும் கூடுதலாக ஆர்டர் போடவில்லை

கழித்த 240 என்ன என்று பாருங்கள். ஆர்டர் போட்டபின் குறைந்தது இரண்டு வாரம் ஆகும், அதில் குறைந்தது 240 செலவாகும் என்ற எதிர்பார்ப்பு அது. மழைக்காலத்தில் பம்ப் விற்பனை மந்தமாகி வாரம் 60 மட்டும் செலவானாலோ, சப்ளையர் உள்ளூர் டெப்போவிலிருந்து ஐந்தே நாளில் அனுப்பினாலோ, யாரும் தப்புச் செய்யாமலே எல்லை தாண்டும். வாரம் 60, இரண்டு வாரத்தில் சரக்கு வந்துவிட்டது என்றால் 2,200இலிருந்து 120 போய் 2,080 நிற்கும். ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடந்தால், ஆண்டு முழுவதற்கும் ஒரே லெவல் வைத்திருப்பதுதான் கோளாறு. கோடை சீசனுக்கும் மந்த மாதங்களுக்கும் தனித்தனியாக நுகர்வு எடுத்து இரண்டு செட் லெவல் வையுங்கள், எந்தத் தேதியில் மாற்றுவது என்பதையும் பின் கார்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இந்தக் காரணங்கள் எதுவும் இல்லையென்றால் சப்ளையரின் பில்லைப் பாருங்கள். 1,000 கேட்டதற்குப் பெட்டிக் கணக்கில் 1,100 அனுப்பி, ஸ்டோர்ஸ் அதை மறுக்காமல் இறக்கியிருக்கலாம். அப்படி வழக்கமாக வந்தால் சூத்திரத்தில் ஆர்டர் அளவை 1,100 என்று மாற்றிவிடுங்கள், மேக்சிமம் 2,060 ஆகும், ரேக்கும் காகிதமும் ஒத்துப்போகும்.